ஆஸ்துமாவா, சிஓபிடியா? முதல் ஒரு விநாடியில் தெரியும் வேறுபாடு

"எனக்கு வீசிங் இருக்கு" என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு நோயின் பெயர் அல்ல. குறுகிப்போன குழாய் வழியாகக் காற்று நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது எழும் விசில் சத்தத்தின் பெயர் அது. அந்தச் சத்தம் ஆஸ்துமாவிலும் வரும், சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் வரும். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மூச்சு வாங்குவது, இருமல், சளி என்று நோயாளி சொல்லும் தொந்தரவுகளும் ஒன்றுதான். மருந்துக்கடையில் இருவரும் கேட்டு வாங்கும், மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் இன்ஹேலர்கூட ஒன்றுதான். அதனால்தான் பல வருடங்கள் பீடி குடித்தவருக்கு 55 வயதில் முதல்முறையாக மூச்சு வாங்கினாலும் வீட்டில் அதை "ஆஸ்துமா" என்றே பேசிக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அடைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பதில் இருக்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கும், பிறகு விரியும். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. சிஓபிடியில் ஏற்பட்ட குறுக்கத்தில் பெரும்பகுதி அப்படியே தங்கிவிடும். இதை எண்ணாக அளந்து காட்டுவது ஸ்பைரோமெட்ரி, அதாவது ஒரு குழலில் மூச்சைப் பலமாக ஊதவைத்து அளக்கும் பரிசோதனை. லேப்களில் பொதுவாக "பி.எஃப்.டி. டெஸ்ட்" என்பார்கள்.

குழாய்க்குள் நடப்பது

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் ஒவ்வாமை சார்ந்த அழற்சியால் வீங்கி இருக்கும். சுவரைச் சுற்றி வளையமாக ஓடும் தசை எளிதில் சீண்டப்படும் நிலையில் இருக்கும். தூசி, குளிர்காற்று, சளிக்காய்ச்சல், ஊதுபத்திப் புகை என்று ஏதாவது ஒன்று தூண்டினால் தசை இறுகிக் குழாய் ஒடுங்கும். ஒரு குழாயின் ஆரம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்கு அதன் தடை இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு ஆகிறது. கொஞ்சம் இறுகினாலே நோயாளி திணறிப்போவதற்கும், மருந்து அந்தத் தசையைத் தளர்த்தியதும் சில நிமிடங்களில் அவர் எழுந்து உட்காருவதற்கும் இந்தக் கணக்குதான் காரணம்.

சிஓபிடியில் சேதம் இரண்டு இடங்களில் நடக்கிறது. பல வருடப் புகையால் சிறு மூச்சுக்குழாய்களின் சுவர் தடித்து, தழும்பேறி, சளியால் அடைபடுகிறது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காற்றும் இரத்தமும் சந்திக்கிற நுண்ணறைகளின் சுவர்கள் அழிந்து, பல சிறிய அறைகள் சேர்ந்து சில பெரிய தொளதொள அறைகளாகிவிடுகின்றன. இந்த இரண்டாவது சேதத்துக்கும் மூச்சுக்குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சிறு மூச்சுக்குழாய்களுக்குத் தாங்கிக்கொள்ளக் குருத்தெலும்பு கிடையாது. சுற்றியுள்ள நுண்ணறைச் சுவர்கள்தான் நாலாபக்கமும் இழுத்துப் பிடித்து அவற்றைத் திறந்து வைக்கின்றன, பந்தல் துணியைக் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதைப் போல. கயிறுகள் அறுந்தால் துணி தொய்கிறது. அறுந்த கயிற்றை எந்த இன்ஹேலரும் ஒட்டவைக்காது.

புகை என்றால் சிகரெட், பீடி மட்டும் அல்ல. காற்றோட்டமில்லாத சமையலறையில் இருபது முப்பது வருடம் விறகடுப்பு ஊதிய பெண்களுக்கு, வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாமலே சிஓபிடி வருகிறது. "புகை பிடிப்பீர்களா?" என்று மட்டும் கேட்டு முடித்துக்கொண்டால் இவர்கள் விடுபட்டுப்போவார்கள். "எந்த அடுப்பில் சமைத்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும்.

ஏன் ஊதச் சொல்கிறார்கள்?

மூச்சை இழுக்கும்போது மார்பு விரிகிறது. கூடவே மூச்சுக்குழாய்களும் சற்று விரிகின்றன. அதனால் இழுக்கும்போது அடைப்பு அவ்வளவாக வெளியே தெரியாது. பலமாக ஊதும்போது நிலைமை நேர்மாறு: மார்புக்குள் அழுத்தம் ஏறி, காற்று அறைகளை மட்டும் அல்லாமல் குழாய்களையும் வெளியிலிருந்து நசுக்குகிறது. இதனால் ஊதலின் முதல் சிறு பகுதி கழிந்த பிறகு, எவ்வளவு முக்கி ஊதினாலும் காற்று ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகாது. அந்த உச்சவரம்பை நிர்ணயிப்பது நுரையீரலின் மீள்தன்மையும் குழாயின் அகலமும்தான். நோயாளியின் பலம் அல்ல. ஒல்லியான பாட்டியும் பயில்வானும் ஒரே இயந்திரத்தில் ஊதி, இருவருக்கும் நம்பத்தக்க விடை கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

லண்டனில் ஜான் ஹட்சின்சன் 1846இல் தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்த மணி போன்ற ஸ்பைரோமீட்டரைக் கொண்டு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சை அளந்தார். உயரம் கூடினால் கொள்ளளவும் கூடும், வயது ஏறினால் குறையும் என்று கண்டவர் அவர். ஆனால் அவர் அளந்தது மொத்தக் கொள்ளளவை மட்டுமே. அடைப்புள்ள நுரையீரலிலும் மொத்தக் காற்று பெரும்பாலும் வெளியே வந்துவிடும். நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். ஆகவே கடிகாரத்தையும் சேர்த்தால்தான் அடைப்பு பிடிபடும். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளக்கும் வழக்கத்தைப் பிரான்சில் திஃபனோவும் பினெல்லியும் 1947இல் கொண்டுவந்தார்கள்.

இன்றைய அறிக்கையிலும் மையமாக இருப்பவை இந்த இரண்டு எண்கள்தான். FVC என்று இருப்பது, நெஞ்சு நிறைய இழுத்துக் கடைசிச் சொட்டுவரை வேகமாக ஊதியபோது வந்த மொத்தக் காற்று. FEV1 என்பது அதில் முதல் விநாடிக்குள் வந்தது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் FEV1/FVC. ஆரோக்கியமான நடுவயதுக்காரர் தன் மொத்தக் காற்றில் முக்கால் பங்குக்கும் மேல் முதல் விநாடியிலேயே வெளியேற்றிவிடுவார். அந்த விகிதம் இறங்கினால் குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

பரிசோதனை அறையில்

நிமிர்ந்து உட்கார வைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழல் கொடுப்பார்கள். இறுகப் பொருந்தும் பல்செட் என்றால் கழற்ற வேண்டாம். அது இருந்தால்தான் உதடு குழலைச் சுற்றி நன்றாக மூடும். இடுப்பில் இறுக்கிய பெல்ட்டைத் தளர்த்திக்கொள்வது நல்லது. நெஞ்சு கொள்ளுமட்டும் இழுக்க வேண்டும். இழுத்ததும் தயங்காமல், வெடித்தது போல ஊத வேண்டும். பிறகு நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். டெக்னீஷியன் பக்கத்தில் நின்று "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று கத்துவார். அது கோபம் இல்லை. அவர் கத்தாவிட்டால் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று விநாடியில் விட்டுவிடுவார்கள்.

எப்போது நிறுத்தலாம் என்பது திரையில் தெரியும். நேரத்தைக் கிடையாகவும் காற்றின் அளவை நெடுக்காகவும் வைத்து வரைந்த கோடு முதலில் செங்குத்தாக ஏறி, பிறகு வளைந்து, கடைசியில் தட்டையாகும். ஒரு முழு விநாடியில் 25 மில்லிக்கும் குறைவாகவே காற்று வந்தால் கோடு தட்டையாகிவிட்டதாகக் கொள்ளலாம். நல்ல நுரையீரல் சில விநாடிகளில் இந்த நிலைக்கு வந்துவிடும். கடுமையான சிஓபிடியில் பத்து விநாடி தாண்டியும் கோடு மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். பதினைந்து விநாடி ஊதியும் தட்டையாகவில்லை என்றால் அதோடு போதும் என்று விட்டுவிடலாம்.

ஒரு ஊதலை வைத்து முடிவு சொல்லக்கூடாது. குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும். அவற்றில் பெரிய இரண்டு FEV1 எண்களுக்கு இடையே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. FVCக்கும் அதே விதி. அமையாவிட்டால் இன்னும் ஊதச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு எட்டு முறைக்கு மேல் போவது வழக்கமில்லை, அதற்குள் ஆள் களைத்துவிடுவார்.

பலரும் அறியாத பாதி இதற்குப் பிறகுதான் வருகிறது. சல்பூட்டமால் 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு பஃப், இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் என்ற கூடு வழியாக, அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, கால்மணி நேரம் காக்கவைத்து, மறுபடியும் மூன்று முறை ஊதச் சொல்வார்கள். "மருந்துக்கு முன்", "மருந்துக்குப் பின்" என்ற இரண்டு வரிசை எண்கள் இப்படித்தான் வருகின்றன. ஆஸ்துமாவும் சிஓபிடியும் பிரிவது இந்த இரண்டு வரிசைகளுக்கு நடுவில்தான்.

இதனால், வீட்டிலிருந்து கிளம்பும் முன் இன்ஹேலர் அடித்துக்கொண்டு போனால் முன்வரிசை பொய்யாகிவிடும். முதல்முறை நோயைக் கண்டறியச் செய்யும் பரிசோதனை என்றால் சல்பூட்டமாலை நான்கு முதல் ஆறு மணி நேரமும், தினம் இருவேளை எடுக்கும், குழாயை நீண்ட நேரம் விரித்துவைக்கும் மருந்துகளை ஒரு நாளும், இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யும் டயோட்ரோப்பியம் போன்றவற்றை ஒன்றரை முதல் இரண்டு நாளும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். இதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். இடையில் மூச்சுத் திணறினால் இன்ஹேலரை எடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று லேபில் சொன்னால் போதும். கடந்த ஒரு வாரத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், அண்மையில் கண், மூளை, மார்பு, வயிறு இவற்றில் அறுவைசிகிச்சை செய்தவர்கள், தொற்றும் நிலையில் காசநோய் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பலமாக ஊதும்போது தலையிலும் கண்ணிலும் வயிற்றிலும் அழுத்தம் ஏறும்.

இரண்டு அறிக்கைகள்

எடுத்துக்காட்டுக்கு இருவரை வைத்துக்கொள்வோம். ஒருவர் 58 வயது ஆண், முப்பது வருடம் பீடி குடித்தவர். மற்றவர் 34 வயதுப் பெண், சிறு வயதிலிருந்தே விட்டுவிட்டு இழுப்பு வருபவர். அளவுகள் லிட்டரில்.

| | ஆண்: முன் | ஆண்: பின் | பெண்: முன் | பெண்: பின் |
|---|---|---|---|---|
| FVC | 2.54 | 2.70 | 2.40 | 2.60 |
| FEV1 | 1.32 | 1.42 | 1.55 | 2.05 |
| FEV1/FVC | 0.52 | 0.53 | 0.65 | 0.79 |

மருந்துக்கு முன் வரிசையை மட்டும் பார்த்தால் இருவருக்கும் விகிதம் குறைவு, இருவருக்கும் அடைப்பு இருக்கிறது. அதற்கு மேல் அந்த வரிசை எதுவும் சொல்லாது.

இப்போது பின்வரிசை. பெண்ணின் FEV1 1.55இலிருந்து 2.05க்கு ஏறியிருக்கிறது. அரை லிட்டர் கூடுதல். ஆரம்ப அளவில் பார்த்தால் 32 சதவீதம். நெடுங்காலமாகப் பயன்படும் விதிப்படி 12 சதவீதமும் 200 மில்லியும், இரண்டும் சேர்ந்து கூடினால், மருந்துக்கு நல்ல பதில் கிடைத்ததாக எண்ணுவார்கள். புதிய சர்வதேச விதி, அவரது வயது உயரத்துக்கு எதிர்பார்க்கப்படும் அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும் என்கிறது. எதிர்பார்க்கப்படும் FEV1 2.30 லிட்டர் என்றால் அரை லிட்டர் என்பது 22 சதவீதம். அந்த விதியையும் தாண்டிவிட்டார். இதைவிட முக்கியமாக, விகிதம் 0.79க்குத் திரும்பி அடைப்பே இல்லாமல் போய்விட்டது. பதினைந்து நிமிடத்தில் மறைந்துவிடும் அடைப்பு சிஓபிடி அல்ல. சிறு வயது முதல் விட்டுவிட்டு வரும் இழுப்பையும் சேர்த்துப் பார்த்தால் இது ஆஸ்துமா.

ஆணுக்கு 100 மில்லி ஏறியிருக்கிறது, 7.6 சதவீதம். விகிதம் 0.53இலேயே நிற்கிறது. மருந்துக்குப் பின்னும் விகிதம் 0.70க்குக் கீழ் இருப்பதுதான் சிஓபிடிக்கு உலகெங்கும் பயன்படும் எல்லைக்கோடு. எவ்வளவு கடுமை என்பதற்கு விகிதத்தைப் பார்ப்பதில்லை, FEV1ஐ எதிர்பார்க்கப்படும் அளவோடு ஒப்பிடுவார்கள். அவருக்கு எதிர்பார்ப்பது 2.60 என்றால் 1.42 என்பது 55 சதவீதம். 80உம் அதற்கு மேலும் லேசானது, 50 முதல் 79 வரை மிதமானது, 30 முதல் 49 வரை கடுமையானது, அதற்கும் கீழ் மிகக் கடுமையானது. ஆக இவருக்கு மிதமான அடைப்பு.

விடை எங்கே கெடுகிறது

இயந்திரத்தால் கெடுவதைவிட ஊதுவதால் கெடுவதுதான் அதிகம். அதிலும் ஆபத்தான பிழை, சீக்கிரமே நிறுத்திவிடுவது. மேலே சொன்ன ஆண் பின்வரிசையில் இரண்டே விநாடி ஊதி நிறுத்தினார் என்று வையுங்கள். முதல் விநாடியில் வந்த 1.42 அப்படியே பதிவாகிவிடும். மொத்தம் மட்டும் 2.70க்குப் பதிலாக 1.95இல் நின்றுவிடும். 1.42ஐ 1.95ஆல் வகுத்தால் 0.73. எல்லைக்கோட்டுக்கு மேலே வந்துவிட்டார். சிஓபிடி காணாமல் போய்விட்டது! அறிக்கையோ FVC குறைவு என்று காட்டி, நுரையீரல் சுருங்கும் வேறு ஏதோ நோய் என்ற சந்தேகத்தைக் கிளப்பும். இதைக் கண்டுபிடிக்க எண்களைப் பார்த்துப் பயனில்லை. படத்தைப் பார்க்க வேண்டும்: கோடு தட்டையாகாமல் ஏறிக்கொண்டிருக்கும்போதே கத்தரித்தாற்போல முடிந்திருக்கும்.

முழுதாக இழுக்காமல் ஊதினால் இரண்டு எண்களுமே குறையும். தயங்கி, மெல்ல ஆரம்பித்தால், வேகத்தைக் காட்டும் படத்தில் கூர்மையான உச்சி வராமல் மொட்டையாக இருக்கும். முதல் விநாடிக்குள் இருமினால் FEV1 போயிற்று, அந்த ஊதலைக் கழித்துவிட வேண்டும். உதட்டோரத்தில் காற்று கசிந்தாலும் மொத்தம் குறையும்.

அதே வேகப் படத்தில் இன்னொன்றும் தெரியும். ஆரோக்கியமானவருக்கு உச்சியிலிருந்து கோடு ஏறக்குறைய நேர்சரிவாக இறங்கும். அடைப்புள்ளவருக்கு உச்சி தொட்டதும் சடாரென விழுந்து, கரண்டியால் தோண்டி எடுத்தது போல உள்வளைந்து, நீண்ட வாலாக இழுத்துக்கொண்டு போகும். பழகிய கண்ணுக்கு எண்களைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் குழி தெரிந்துவிடும்.

இயந்திரத்தைத் தினமும் மூன்று லிட்டர் சிரிஞ்சால் காற்று தள்ளிச் சரிபார்க்க வேண்டும். திரையில் 2.91க்கும் 3.09க்கும் இடையில் வந்தால் சரி. உயரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் அளந்து எழுத வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு. உயரம் தப்பானால் எதிர்பார்க்கப்படும் அளவு தப்பாகும், அதோடு சதவீதமும் கடுமையின் தரமும் தப்பாகும். விகிதம் மட்டும் இந்தப் பிழையால் மாறாது, அது அவருடைய சொந்த எண்ணை அவருடைய சொந்த எண்ணாலேயே வகுத்தது.

எண் சொல்லாதவை

ஆஸ்துமா உள்ளவர் தொந்தரவு இல்லாத ஒரு நாளில் போய் ஊதினால் எல்லாம் சரியாகவே வரலாம். "டெஸ்ட் நார்மல், ஆஸ்துமா இல்லை" என்று அதை வைத்து முடிவு கட்டக்கூடாது. வந்துபோவதுதான் அந்த நோயின் இயல்பு. வராத நேரத்தில் தேடினால் அகப்படாது. அப்போது பீக் ஃப்ளோ மீட்டர் என்கிற சிறு கருவியைக் கொடுத்து, இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி எழுதிவரச் சொல்வார்கள். நாளுக்குள்ளேயே எண் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதில் ஆஸ்துமா பிடிபடும். அதிலும் தெளிவாகாவிட்டால், பெரிய மையங்களில் குழாயைச் சுருங்கவைக்கும் மெத்தகோலின் என்ற மருந்தைச் சிறிது சிறிதாக உள்ளிழுக்கவைத்து, குழாய் எவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்று பார்ப்பார்கள்.

மறுபக்கம், மருந்துக்குப் பின் 12 சதவீதம் ஏறினாலே ஆஸ்துமா என்றும் சொல்லிவிட முடியாது. சிஓபிடி உள்ளவர்களில் பலருக்கும் அந்த அளவு ஏற்றம் உண்டு. அவர்களுக்கு ஏறும், ஆனால் விகிதம் 0.70ஐத் தாண்டாது. அதனால் எவ்வளவு ஏறியது என்பதைவிட எங்கே போய் நின்றது என்பதைப் பார்ப்பதுதான் நம்பகமானது. பல வருடம் சரியாகச் சிகிச்சை பெறாத ஆஸ்துமாவில் குழாய்ச் சுவர் தடித்து நிரந்தரக் குறுக்கமும் வரலாம். இரண்டு நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருப்பதும் உண்டு. இங்கெல்லாம் வயது, புகை, எப்போது தொடங்கியது என்ற கதைதான் இயந்திரத்தைவிட அதிகம் சொல்லும்.

0.70 என்ற கோடும் எல்லா வயதுக்கும் பொருந்தாது. வயது ஏற ஏற இந்த விகிதம் இயல்பாகவே இறங்கும். எண்பதைத் தொட்ட, எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்கு 0.68 வந்தால் அது நோயாக இருக்க வேண்டியதில்லை. முப்பது வயதுக்காரருக்கு 0.72 என்பது கவனிக்க வேண்டிய எண். பல இயந்திரங்கள் அந்த வயதுக்கான கீழ்வரம்பையும் LLN என்று பக்கத்தில் அச்சிடும். விகிதம் 0.60க்கும் 0.80க்கும் நடுவில் வந்தால் இன்னொரு நாள் மறுபடி ஊதிப் பார்ப்பது வழக்கம்.

பெயர் மாறினால் மருந்தும் மாறுகிறது. ஆஸ்துமாவுக்கு அடிப்படை, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர். அது இல்லாமல் நீண்ட நேரம் குழாயை விரிக்கும் மருந்தை மட்டும் கொடுத்தால், மேலே ஆறுதல் தெரிய, உள்ளே அழற்சி வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிஓபிடியில் தலைகீழ்: முதலில் நிற்பவை அந்த நீடித்த விரிப்பு மருந்துகளே. ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவையில்லை, சிலருக்கு நிமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டும். இரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை எவ்வளவு, எத்தனை முறை நோய் திடீரென மோசமானது என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள்.

பழைய அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். நடுவயதுக்குப் பிறகு யாருக்கும் FEV1 வருடத்துக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி குறையும். புகையை விடாத சிஓபிடிக்காரர் பலருக்கு அது இரண்டு மடங்காகும். ஆனால் ஒரே அமர்வில் ஊதிய இரண்டு நல்ல ஊதல்களுக்கு நடுவிலேயே 150 மில்லி வரை வித்தியாசம் இருக்கலாம் என்று பார்த்தோம் அல்லவா? போன வருடம் 1.42, இந்த வருடம் 1.36 என்றால் அது நோய் வளர்ந்ததாகவும் இருக்கலாம், அன்று கொஞ்சம் சோர்வாக ஊதியதாகவும் இருக்கலாம். ஒரே லேபில், மருந்துக்குப் பின் எடுத்த எண்கள் மூன்று நான்கு வருடத்துக்குச் சேர்ந்தால்தான் சரிவு எந்தப் பக்கம் போகிறது என்று சொல்ல முடியும்.